தீபாவளிக்கு யாருக்கு லீவு?

தீக்காய வார்டுக்குத் தீபாவளிதான் உச்ச நாள். அன்று நர்ஸ்களுக்கு லீவு கொடுக்கும் சர்க்குலர் ஒரு சின்னக் கழித்தல் கணக்கில் தொடங்குகிறது.

பன்னிரண்டு நர்ஸ்கள் உள்ள வார்டு என்று வைத்துக்கொள்வோம். காலை மூவர், மாலை இருவர், இரவு இருவர், ஆக ஏழு பேர். முந்தைய இரவு வேலை பார்த்த இருவருக்கு ஓய்வு. வார ஓய்வைப் பண்டிகைக்குப் பின் தள்ளினால் மிச்சம் மூவர். பட்டாசுக் காயங்கள் மாலையிலிருந்து வரும் என்பதால் மாலைக்கும் இரவுக்கும் ஒருவர் கூடுதல். ஆக, லீவு ஒருவருக்குத்தான்! பலரும் தவறுவது இரவு ஓய்வைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதில்.

அந்த ஒருவர் யார்? முதலில் எழுதிக் கொடுத்தவருக்கு என்றால், வெளியூர்க்காரர் ஆறு மாதம் முன்பே எழுதிவிடுவார். சென்ற தீபாவளிக்கு வேலை பார்த்தவருக்கு முன்னுரிமை என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. கிறிஸ்துமஸ், ரம்ஜான் கொண்டாடுபவர்கள் டூட்டி மாற்றிக்கொள்ள முன்வருவதுண்டு. இருவரும் கையெழுத்திட்டு, வார்டு பொறுப்பாளரும் ஒப்புதல் தர வேண்டும். வாய்ப்பேச்சாக மாற்றினால், யாரும் வராத இரவில் இருவருமே “நான் இல்லை” என்பார்கள்.

பழைய பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். மூன்று வருடமாகப் பண்டிகை இரவில் அதே இளையவர்களின் பெயர்கள் இருந்தால், அந்த வார்டில் அன்று காலை “காய்ச்சல்” என்று போன் வருவது ஏன் என்று புரிந்துவிடும்.