முந்தானையால் துடைக்காதீங்க, அக்கா

சீட்டில் பியூடசனைடு 200 மைக்ரோகிராம் இன்ஹேலர், காலையில் 2 பஃப், இரவில் 2 பஃப், கூடவே ஒரு ஸ்பேசர். அந்த அக்காவுக்கு இரண்டுமே புதிது. ஸ்பேசரைப் பிரித்ததும் முந்தானையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"துணி வேண்டாம் அக்கா. பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் மின்னூட்டம் ஏறி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் உலர விடுங்க."

இன்ஹேலரை மட்டும் வாயில் வைத்து அழுத்தினால் மருந்து வேகமாகப் பாய்ந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். ஸ்பேசருக்குள் அந்த வேகம் தணியும். பெரிய துளிகள் குழலிலேயே தங்கிவிட, நுண்ணிய துளிகள் நுரையீரலுக்குப் போகும். ஆனால் அவை அங்கே அதிக நேரம் மிதக்காது. அழுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் மருந்து வீண்.

சொல்லிக்கொடுப்பதைவிடச் செய்ய வைப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. புது இன்ஹேலர் என்பதால், உள்ளிருக்கும் தாளில் போட்டிருந்தபடி முதலில் காற்றில் அடித்துப் பார்த்தோம். பிறகு அவர் மூடியைக் கழற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் பொருத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, வாய்க்குழலைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக மூடினார். அதுவரை சரி. அடுத்து அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தி, படக்கென்று உறிஞ்சினார். குழல் விசிலடித்தது. சில ஸ்பேசர்கள், வேகமாக இழுத்தால் இப்படி ஒலி எழுப்பும்.

"ஒரு தடவைக்கு ஒரே பஃப் அக்கா. ரெண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படிந்துவிடும். அழுத்தின உடனே மெதுவாக, ஆழமாக இழுங்க. பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிச்சுக்குங்க."

ஏழு எண்ணுவதற்குள் இருமல் வந்துவிட்டது. இப்படித் திணறுபவர்கள் வாயை எடுக்காமல், ஸ்பேசர் வழியாகவே நாலைந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு இழுத்தால் போதும். அதை அழகாகச் செய்தார். அரை நிமிடம் இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கிய பிறகே இரண்டாவது பஃப்.

"முடிஞ்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. இது ஸ்டீராய்டு மருந்து. வாயில் தங்கினால் வெண்புண் வரும், குரலும் கம்மும்."

"மூச்சு முட்டும்போது இதையே அடிக்கலாமா, தம்பி?"

அவர் கேட்காமல் போயிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். "இது தினமும் எடுத்தாத்தான் வீக்கத்தைக் குறைக்கும், திடீர் இளைப்பை நிறுத்தாது. அதுக்கு என்ன மருந்து, எத்தனை பஃப்னு டாக்டர்கிட்ட இன்னைக்கே கேட்டு எழுதி வாங்கிடுங்க. அதை எடுத்தும் அடங்காம, பேச முடியாத அளவு திணறினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

டப்பாவில் 200 பஃப் என்று போட்டிருந்தது. நாளைக்கு 4 என்றால் 50 நாள். இன்று தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். காலியான பிறகும் வாயு மட்டும் புஸ்ஸென்று வரும். சத்தத்தை நம்ப முடியாது. அடுத்த முறை வரும்போது ஸ்பேசரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், என் எதிரே ஒருமுறை செய்து காட்ட.