ரயில் நின்றது, கூட்டம் முடிந்தது: மேலாளருக்கு என்ன எழுதுவது?

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி அலுவலகத்துக்கு வரும் ஒரு கணக்குப் பிரிவு ஊழியரை எடுத்துக்கொள்வோம். காலை 9.30-க்குக் கூட்டம். வண்டலூரைத் தாண்டியதும் மேல்மின்கம்பியில் கோளாறு. ரயில் பெருங்களத்தூரை எட்டாமல் நடுவழியில் நின்றுவிடுகிறது. தண்டவாளத்தில் இறங்கி நடப்பது ஆபத்து. அவர் அலுவலகம் சேரும்போது மணி 10.40, கூட்டம் கலைந்துவிட்டது.

ரயில் நின்ற சில நிமிடங்களிலேயே மேலாளருக்குப் போன் செய்திருக்க வேண்டும், அல்லது வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பியிருக்க வேண்டும். பிறகு எழுதும் மின்னஞ்சல் அந்தத் தகவலுக்கு மாற்றாகாது. அது வேறு வேலைக்கானது. கூட்டத்தில் தன்னால் நின்றுபோன பணி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதற்கானது. பலர் இதை விட்டுவிட்டு, ரயில் பட்ட பாட்டையே ஒரு பக்கத்துக்கு எழுதிவிடுகிறார்கள். மேலாளருக்கு அந்தக் கதை ஒரு வரி போதும்.

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் தமிழில் அனுப்பினாலும் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

பொருள்: இன்றைய 9.30 கூட்டத்துக்கு வர இயலாதது. ஜூன் விற்பனைக் கணக்கு இணைப்பு

வணக்கம் மேடம்,

இன்று காலைக் கூட்டத்துக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிக்கவும். மின்கம்பிக் கோளாறால் ரயில் 8.50 முதல் 9.55 வரை வண்டலூர் அருகே நின்றுவிட்டது. 9 மணிக்கு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். நான் விளக்க வேண்டிய ஜூன் கணக்கை இணைத்துள்ளேன். மூன்றாம் பக்கத்திலுள்ள நிலுவைத் தொகைக்கு மட்டும் உங்கள் முடிவு தேவை. மதியம் 3 மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் விளக்குகிறேன்.

மன்னிப்பு முதல் வரியிலேயே வந்து, ஒரே முறையோடு நின்றுவிடுகிறது. நான்கு முறை கேட்டால், அவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு மேலாளர் தலையில் விழும். ‘இனி இப்படி நடக்காது’ என்ற உறுதியும் கடிதத்தில் இல்லை, ரயில் நம் கையில் இல்லையே. முக்கியமான கூட்டமென்றால் கணக்கை முந்தைய இரவே அனுப்பிவிடுவதாகச் சொல்லலாம். அதைக் காப்பாற்ற முடியும்.

நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். அதே தடத்தில் வரும் சக ஊழியர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள். வீட்டிலிருந்தே தாமதமாகக் கிளம்பிவிட்டுப் பழியை ரயில்மேல் போட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் வெளிப்பட்டுவிடும். கூட்டத்தில் வாடிக்கையாளரும் இருந்திருந்தால், அவருக்குத் தனியே எழுதலாமா என்று மேலாளரைக் கேட்ட பிறகே எழுத வேண்டும். அவர் முன்பே ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கக்கூடும்.