பூட்டிய கோப்பும் ரீஸ்டார்ட்டும்

வைரஸ் தடுப்பு மென்பொருளின் புதிய பட்டியல் தினமும் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. அதே கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் வந்தால் மட்டும், எல்லாவற்றையும் மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது. காரணம் அப்டேட்டின் அளவு அல்ல; மாற்ற வேண்டிய கோப்பு அந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

ஒரு புரோகிராமைத் திறந்ததும் அதன் கோப்பு முழுவதும் நினைவகத்துக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில், தேவைப்படும் பக்கங்கள் தேவைப்படும்போதுதான் டிஸ்க்கிலிருந்து வருகின்றன. முதல் பத்துப் பக்கம் பழைய பதிப்பிலும் பதினோராவது பக்கம் புதிய பதிப்பிலும் இருந்தால் கதை என்ன ஆகும்? புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின்மேல் எழுதவோ அதை அழிக்கவோ விண்டோஸ் விடுவதில்லை. வைரஸ் பட்டியல் வெறும் தரவு. அதைப் படிக்கும் புரோகிராமே பழையதைக் கீழே வைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருப்பதால் அங்கே சிக்கல் இல்லை.

பூட்டியிருக்கும் கோப்பை அப்டேட் என்ன செய்யும்? புதியதைப் பக்கத்திலேயே வேறு பெயரில் இறக்கி வைக்கும். பிறகு ரெஜிஸ்ட்ரியில் `PendingFileRenameOperations` என்ற இடத்தில், "அடுத்த முறை எழும்போது இதை அதன் இடத்தில் வை" என்று குறித்துவிடும். கம்ப்யூட்டர் மறுபடி எழும்போது, மற்ற புரோகிராம்கள் கண் விழிப்பதற்கு முன்பே `smss.exe` அந்தக் குறிப்பைப் படித்துக் கோப்புகளை மாற்றுகிறது. அந்த ஒரு நொடியில்தான் அவை யார் கையிலும் இல்லை. எல்லா அப்டேட்டும் இந்த ஒரே வழியில் போவதில்லை என்றாலும், ரீஸ்டார்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அடிப்படை இதுதான்.

லினக்ஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே கோப்பின் பெயர் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. வீடு வேறு, பலகை வேறு. அப்டேட் புது வீட்டைக் கட்டி, பலகையைக் கழற்றி அதில் மாட்டிவிடும். பழைய வீட்டில் குடியிருப்பவர்களை யாரும் கிளப்புவதில்லை. கடைசி ஆள் வெளியேறிய பிறகே வீடு இடிக்கப்படும். அதனால் கோப்பு உடனே மாறிவிடுகிறது, ரீஸ்டார்ட்டும் கேட்பதில்லை.

ஆனால் சிரிப்பு அவ்வளவு நியாயமானதல்ல. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தது. ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 முதல் 1.0.1f வரையான பதிப்புகளைக் கொண்ட சர்வர்களின் நினைவகத்தை வெளியாட்கள் துண்டு துண்டாகப் படிக்க முடிந்தது. 1.0.1g-யில் திருத்தம் வந்தது. அதை நிறுவிய நிர்வாகி பதிப்பு எண்ணைப் பார்த்தால் புதியதையே காட்டும். ஆனால் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வர் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கும், ஓட்டையோடு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு:

```
sudo lsof -n | grep ssl | grep DEL
```

ஏதாவது வரி வந்தால், அந்த புரோகிராம் அழிக்கப்பட்ட கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் போதும், கம்ப்யூட்டர் முழுவதையும் அல்ல. கெர்னல் மாறினால் கதை வேறு. எல்லாரையும் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். அது ஓடும்போதே அதை நிறுத்தி எழுப்ப மேலே யாரும் இல்லை. ஓடும் கெர்னலிலேயே ஒட்டுப்போடும் லைவ்பேட்ச் வசதி 2015-இல் வந்த லினக்ஸ் 4.0-இலிருந்து இருக்கிறது. ஆனால் அது சிறிய திருத்தங்களுக்குத்தான். கெர்னலின் தரவு அமைப்பே மாறும் பெரிய மாற்றத்துக்கு ரீஸ்டார்ட்தான் வழி.

விண்டோஸ் ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்கிறது. லினக்ஸ் பேசாமல் இருந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் முதலாவதுதான் நேர்மையானது, எரிச்சலூட்டினாலும்.

"நேத்து ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே போனேன், மறுபடியும் ஏன் கேக்குது?" என்பது அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல். விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் சாதாரண ஷட் டவுன் உங்கள் புரோகிராம்களை மூடும். கெர்னலையோ டிஸ்க்கில் எழுதித் தூங்க வைத்து, காலையில் அப்படியே எழுப்பும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் Performance, CPU என்று போய் Up time என்ற இடத்தைப் பாருங்கள். தினமும் அணைத்துவிட்டுப் போகிறவரின் கம்ப்யூட்டர்கூடப் பதினைந்து நாளாக ஓடுவதாக அங்கே காட்டலாம்.