“என்ன சொல்லலாம்?” - படமாக வந்த உணவுப் பட்டியல்

சித்திரை மாத வசந்தகாலத்தின் வெள்ளிக்கிழமையொன்றில், நண்பகல் வேளையில், எமது அலுவலக இளைஞர் ஒருவரின் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. நுவரெலியா நகரின் சாப்பாட்டுக் கடையொன்றின் உணவுப் பட்டியல் அது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அனுப்பியவர் மட்டக்களப்பிலிருந்து சுற்றுலா வந்திருந்த அவருடைய தாய்மாமன். படத்தின் கீழே ஒரே ஒரு வரி: “மருமகன், இதில என்ன சொல்லலாம்?”

இளைஞர் சிங்களம் நன்கு வாசிப்பவர். உடனே பட்டியலை முதல் வரியிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். நாற்பது வரிகளுக்குக் குறையாத பட்டியல் அது. பத்தாவது வரியை அவர் எட்டுவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது: “பெடியன் பக்கத்தில நிக்கிறான், கெதியாச் சொல்லுங்க.”

மாமன் கேட்டது மொழிபெயர்ப்பை அன்று. தாம் எதை உண்ணலாம் என்றே அவர் கேட்டார். இரண்டும் ஒன்றென எண்ணுவதால்தான் இத்தகைய உதவிகள் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன.

கேள்வி சிறிதாயினும் அதனுள் சொல்லப்படாதவை பல இருந்தன. மாமன் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பவர். அவருடன் சென்றவர்கள் காத்தான்குடியைச் சேர்ந்த சக ஆசிரியரும் அவருடைய மனைவியும். இந்த விபரங்களை மாமன் எழுதவில்லை. மருமகனுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையே காரணம். எனவே பட்டியலைப் பார்க்குமுன் கேட்டவரைப் பற்றி நினைத்துப் பார்க்க வேண்டும். யாரெனத் தெரியாதவராயின் “யார் யார் இருக்கிறீர்கள், எதை உண்ண மாட்டீர்கள்?” என்ற ஒரே கேள்வி போதும். அதற்கு மேல் கேட்பதும் அவரைக் காக்க வைப்பதே ஆகும்.

அடுத்தது தெரிவு. எதை உண்ணலாம் எனத் தேடுவதற்கு முன்னர் எதை விலக்க வேண்டும் எனப் பார்ப்பதே விரைவான வழி. சிங்களப் பட்டியலில் ‘மஸ்’ என்ற சொல் இறைச்சியைக் குறிக்கும். அதற்கு முன்னால் நிற்கும் சொல்தான் பிராணி எது என்பதைச் சொல்கிறது. ‘குகுல் மஸ்’ கோழி, ‘எளு மஸ்’ ஆட்டிறைச்சி. ‘ஹரக் மஸ்’ என்றாலும் ‘கவ மஸ்’ என்றாலும் மாட்டிறைச்சியே. ‘ஊரு மஸ்’ என்பது எம்மவரை எளிதில் ஏமாற்றும் சொல். ஊர் இறைச்சி என்றோ ஊர்க்கோழி என்றோ காதில் விழக்கூடிய அது பன்றியிறைச்சியாகும். ‘மஸ்’ என்று மட்டும் இருந்தால் எந்த இறைச்சி எனக் கேட்காமல் தெரிவு செய்யக் கூடாது. ‘மிக்ஸ்ட்’ எனச் சிங்கள எழுத்தில் எழுதப்பட்ட சோற்று வகையும் அவ்வாறே. கலந்திருப்பவை எவை என்பது கடைக்குக் கடை மாறும்.

மறுபுறம், ஒலியை மட்டும் நம்பி நல்லதை விலக்கிவிடுவதும் உண்டு. ‘எளு’ ஆடு எனக் கற்றுக்கொண்டவர் ‘எளவளு’ என்பதைக் கண்டு பின்வாங்குவார். அதன் பொருள் மரக்கறி. ‘மாலு’ மீன் என்பது பலருக்குத் தெரியும். ஆயினும் ‘ஹத் மாலுவ’ என்பது புத்தாண்டுக் காலத்தில் ஏழு மரக்கறிகளைச் சேர்த்துச் சமைக்கும் கறியாகும்.

இவ்வளவும் பட்டியலில் எழுதப்பட்டவை. சிக்கல் எழுதப்படாதவற்றில்தான் இருக்கிறது. மாமனுக்குரிய உணவு ‘எளவளு பத்’, அதாவது மரக்கறிச் சோறு. பெயரளவில் அதில் குறையில்லை. ஆனால் உடன் வரும் தேங்காய்ச் சம்பலிலும், மெல்லும் எனப்படும் இலைச் சுண்டலிலும் மாசிக்கருவாடு இடித்துச் சேர்ப்பது சிங்களச் சமையலில் வழமை. சில இடங்களில் பருப்பிலும் சொதியிலும்கூட அது இருக்கும். மாசியை ஒரு வாசனைப் பொருளாகவே கருதும் சமையற்காரர், “மரக்கறிதானா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்றே மனமறிந்து பதில் சொல்வார். அது பொய்யுமன்று. எனவே மரக்கறியா எனக் கேட்பதால் பயனில்லை. மாசியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சிங்களத்தில் அதன் பெயர் ‘உம்பலகட’.

ஆசிரியத் தம்பதியரின் நிலை வேறு. படத்தில் ஊரு மஸ் ஒரு வரியாக இருந்தது. ஆகவே அந்தச் சமையலறையில் பன்றியிறைச்சி புழங்குகிறது. கோழி கேட்கலாமே எனத் தோன்றும். ஆனால் அக்கோழி எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது தெரியாது. அதைப் பொரித்த எண்ணெயும் வதக்கிய தாச்சியும் எவற்றுக்குப் பயன்பட்டன என்பதும் தெரியாது. அறுப்பு முறை பற்றிய கேள்வி எழாத உணவு மீன். அதிலும் பொரித்த மீனை விடத் தனிச்சட்டியில் கொதித்த மீன்குழம்பே பாதுகாப்பானது. இந்த அளவு கலப்புக்கும் மனம் ஒப்பாதவர்களுக்கு, எழுந்து வேறு கடைக்குச் செல்லுங்கள் என்பதே நேர்மையான பதில். பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஒரு பக்கம் மட்டுமே. படத்தில் ஊரு மஸ் இல்லையென்பதால் கடையிலும் இல்லை எனக் கொள்ள முடியாது. மறுபக்கத்தில் இருக்கலாம். சுவரில் ஒட்டிய தாளில் இருக்கலாம். ஆதலால் படத்தை மட்டும் பார்த்து “இது ஹலால்” என்றோ “இது சுத்த சைவம்” என்றோ தொலைவிலிருந்து எவரும் உறுதி கூற இயலாது. கூறவும் கூடாது. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கையில் கொடுப்பதே நாம் செய்யக்கூடியது.

இளைஞர் இறுதியில் அனுப்பிய பதில் இதுதான்: “மாமா, உங்களுக்கு எளவளு பத் ஒன்று. ‘உம்பலகட தானவாத?’ என்று கேளுங்கள், மாசி போடுவீர்களா என்று அர்த்தம். ‘ஒவ்’ என்றால் ஆம். அப்படியானால் சம்பலையும் மெல்லுமையும் வேண்டாம் என்று சொல்லி, பருப்பையும் சொதியையும் காட்டிக் கேளுங்கள். சேருக்கும் மனைவிக்கும் மாலு பத் இரண்டு, மீன் குழம்பாக வேண்டும், பொரியல் வேண்டாம். இந்தக் கடையில் பன்றியும் சமைக்கிறார்கள், அதைச் சேரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.”

இக்குறிப்பில் நாற்பது வரிகளில் இரண்டு மட்டுமே இடம்பெற்றன. ஆயினும் மாமனுக்குத் தேவையான அனைத்தும் அதில் இருந்தன. கடைசி வாக்கியமே அதில் முதன்மையானது என்பது எமது கருத்து. அதை மறைத்து மீனை மட்டும் சிபாரிசு செய்திருந்தால், தீர்மானிக்கும் உரிமையைத் தம்பதியரிடமிருந்து பறித்ததாகிவிடும். அவர்கள் அதைக் கேட்டு எழுந்துகொண்டார்கள். மாமனும் உடன் எழுந்தார். மூவரும் சற்றுத் தள்ளியிருந்த முஸ்லிம் கடையொன்றில் தமிழில் கேட்டு உண்டதாகப் பின்னர் அறிந்தோம். மாமனுக்கு அங்கு கிடைத்தது வெறும் சோறும் பருப்பும்தான்.

நுவரெலியா தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என 13ஆவது திருத்தச் சட்டம் விதித்தது 1987இல். தனியார் சாப்பாட்டுக் கடையின் பட்டியலைச் சட்டத்தால் மாற்றிவிட முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு உணவின் பெயருக்குக் கீழும் ஒரு தமிழ் வரியும், மாசி சேர்ந்ததற்கு ஓர் அடையாளமும், பன்றியிறைச்சி சமைப்பதாயின் அதனை அறிவிக்கும் ஒரு சிறு வாசகமும் இட்டால் கடைக்காரருக்கு ஏற்படும் செலவு ஒரு தாள் அச்சிடும் செலவே. அன்று அந்தக் கடை இழந்ததோ மூன்று பேரின் பகலுணவு.