நாலு மணி ஷிஃப்ட்

“பேஸ்ட்ரி குக் தேவை. அதிகாலை 4 முதல் மதியம் 1 வரை. லேமினேஷன் தெரிந்திருக்க வேண்டும்.” பேக்கரி கஃபே விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஏன் நாலு மணி? முந்தைய நாள் சுருட்டிவைத்த குரோசான் பொங்கவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். காலை எட்டு மணி வாடிக்கையாளருக்குச் சூடாகத் தர வேண்டுமே!

லேமினேஷன் என்பது மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்துத் தேய்த்து மடிப்பது. மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால் 27 வெண்ணெய் அடுக்குகள். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே மாவு ஃப்ரிட்ஜில் ஓய்வெடுக்க வேண்டும். சென்னை வெயிலில் அவசரப்பட்டால் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடும். ஓவனில் தட்டெல்லாம் நெய் வழியும்.

நேர்முகத்தில் சான்றிதழைவிட இதுதான் பேசும். சுட்டதைக் குறுக்கே வெட்டுவார்கள். உள்ளே தேன்கூடு போல் கண்கள் தெரிய வேண்டும். பன் போல அடைந்திருந்தால் வேலை கிடைப்பது கஷ்டம்.