இன்க்ரிமென்ட் கடிதம்: அனுப்புமுன் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

ஏப்ரல் வந்தால் பல நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவில் சம்பள உயர்வுக் கடிதங்கள் தயாராகும். எக்செல் பட்டியலிலிருந்து மெயில் மெர்ஜ் மூலம் நூற்றுக்கணக்கில் வந்து விழும் கடிதங்களில் எழுத்துப்பிழை அதிகம் இருக்காது. வாசிக்கச் சரியாக இருந்தும் தகவல் தப்பாக இருப்பதுதான் ஆபத்து. அதனால் கடிதத்தை அந்த எக்செல்லோடு ஒப்பிட்டுப் பயனில்லை; அதில் தப்பிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தப்பாக இருக்கும். நிர்வாகம் ஒப்புதல் அளித்த மூலப் பட்டியலை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கடிதத்தில் டிக் போட வேண்டும்.

முதலில் பெயர். ஒரே அலுவலகத்தில் இரண்டு கார்த்திக் இருக்கலாம். ஆகவே பெயரோடு ஊழியர் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். இனிஷியல், எழுத்துக்கூட்டல் இரண்டும் நிறுவனப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

அடுத்து தேதி. 01/04 என்பது ஏப்ரல் 1 ஆகவும் படும், ஜனவரி 4 ஆகவும் படும். மாதத்தை எழுத்தில் போட்டால் குழப்பமில்லை. கடிதத் தேதி வேறு, உயர்வு அமலாகும் தேதி வேறு. அரியர்ஸ் கணக்கு இரண்டாவதை வைத்துத்தான் நடக்கும்.

தொகையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 4,80,000 ரூபாய், உயர்வு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புதிய சம்பளம் 5,18,400, மாதத்துக்கு 43,200. கடிதத்தில் 5,14,800 என்று இருந்தால் கண் எளிதில் தாண்டிப் போய்விடும். ஆனால் 12 ஆல் வகுத்தால் 42,900 வரும். மாதத் தொகையோடு ஒட்டாது. வித்தியாசம் 3,600. அது 9 ஆல் மீதியின்றி வகுபடுவதால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று கணக்கர்கள் உடனே சந்தேகிப்பார்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, இதரப் படிகள் எல்லாம் கூட்டினால் மொத்தம் வருகிறதா, எழுத்தில் உள்ள தொகையும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

கிரேடு ஓரிரு எழுத்துதான் என்றாலும், பல நிறுவனங்களில் பயணப்படியும் விடுப்பும் அதைப் பொறுத்தவை. பதவி உயர்வு பெற்றவருக்குப் புதிய பதவியும் பழைய கிரேடும் சேர்ந்து வருவது வழக்கமான தப்பு. எக்செல்லை வரிசைப்படுத்தும்போது ஒரு பத்தி மட்டும் விடுபட்டால், ஒருவரின் கிரேடு அடுத்தவர் பெயருக்குப் போய்விடும். முதல் கடிதம், கடைசிக் கடிதம், நடுவில் சில என்று எடுத்துப் பார்த்தால் இந்த நகர்வு தெரிந்துவிடும்.

கடைசியாக, கையெழுத்திடுபவர். மாற்றலாகிப் போனவரின் பெயர் பழைய மாதிரிக் கடிதத்தில் அப்படியே கிடக்கும். இப்போதிருப்பவருக்கு இந்தக் கிரேடு வரை கையெழுத்திட அதிகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். கையெழுத்தான பிறகு எதையாவது திருத்தினால், மறுபடி அவரிடமே கொண்டுபோக வேண்டும்.

அனுப்பிய பின் தப்பு தெரிந்தால் புதுக் கடிதத்தைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்கக்கூடாது. பழைய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக இது வழங்கப்படுகிறது என்று எழுதித் திருத்தக் கடிதம் கொடுப்பதே முறை.