ஐந்தடி பத்து எங்கே போனது?

பழைய தடகளப் புத்தகத்தில் இருந்த வீரர்களின் உயர அட்டவணையை ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் படிக்கும் மென்பொருளிடம் கொடுத்தேன். கிடைத்ததை எக்செலில் ஒட்டி சென்டிமீட்டராக மாற்றினேன். பட்டியலில் குள்ளர்கள் அதிகமாக இருந்தார்கள். 5 அடி 1 அங்குலக்காரர் ஒன்பது பேர். 5 அடி 10 அங்குலக்காரர் ஒருவர்கூட இல்லை.

அச்சில் 5.10 என்றிருந்ததை எக்செல் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, கடைசி சைபரை வெட்டி 5.1 ஆக்கிவிட்டது. 177.8 செ.மீ. ஆள் 154.9 ஆகிவிட்டார். நெடுவரிசையை முதலில் 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு ஒட்டியிருந்தால் சைபர் தப்பியிருக்கும். ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை.

அந்தப் புள்ளி தசமப் புள்ளியே அல்ல, அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே போட்ட வேலி. 5.7 என்பதை அப்படியே 30.48 ஆல் பெருக்கினால் 173.7 வரும், 5 அடி 7 அங்குலம் உண்மையில் 170.2 தான். அதனால் அடியை ஒரு நெடுவரிசையிலும் அங்குலத்தை அடுத்ததிலும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வேலை ஒரே வரி:

```
=(A2*12+B2)*2.54
```

2.54 என்பது தோராயம் அல்ல. 1959 முதல் அங்குலத்தின் சர்வதேச வரையறையே அதுதான்.

அங்குல நெடுவரிசையில் 12 அல்லது அதற்கு மேல் எதுவும் இருந்தால், படித்ததில் பிழை. அங்குலத்துக்குப் போடும் இரட்டைக் கோட்டை மென்பொருள் 11 என்று படிக்கும். 7 அங்குலம் 711 ஆகி நிற்கும், உடனே சிக்கிவிடும். அதே கோட்டை ஒற்றை 1 ஆகப் படித்துவிட்டால்தான் வம்பு. 5 அடி 1 அங்குலம், 5 அடி 11 ஆகி நல்லபிள்ளைபோல் உட்கார்ந்திருக்கும். 11 வரும் வரிகளை ஸ்கேன் படத்தோடு கண்ணால் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நீளம் தாண்டுதலில் பின்னமும் சேர்ந்துகொள்ளும். ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1935-ல் தாண்டியது 26 அடி 8¼ அங்குலம். பொடி எழுத்தில் அச்சான அந்தக் கால் அங்குலம் ஸ்கேனில் 14 ஆகும், சதவிகிதக் குறியாகும், சில நேரம் காணாமலே போகும். 26-ஐ 12 ஆல் பெருக்கி 8.25 கூட்டினால் 320.25 அங்குலம், அதாவது 813.4 செ.மீ. சாதனைப் பட்டியலில் இருக்கும் 8.13 மீட்டர் இதுதான். கால் அங்குலம் தொலைந்தால் 812.8. அதை 813 என்று முழுமையாக்கினால் பிழை மறைந்துவிடும்; மிச்சத்தை வெட்டினால் 812 என்று காட்டிக்கொடுத்துவிடும். சரிபார்த்து முடிக்கும்வரை தசமத்தை நான் தொடுவதில்லை.